வரிகளைக் கூட்டினால் 54, மொத்தம் 56: ரவுண்ட் செய்தால் எவ்வளவு பிசகலாம்?

கேள்வி: ஐந்தே வரி உள்ள அட்டவணை. தொகைகள் 12, 8, 20, 5, 9. கீழே மொத்தம் 56 என்று போட்டிருக்கிறது. கையால் கூட்டினால் 54தான் வருகிறது. எக்செல் தப்பாகக் கூட்டுமா சார்?

கூட்டல் சரிதான். உங்களுக்குத் தெரிகிற எண்களை அது கூட்டவில்லை, அவ்வளவுதான். செல்லுக்குள் இருப்பவை இப்படி இருக்கலாம்: 12.4, 8.3, 20.4, 5.3, 9.4. இவற்றின் கூட்டு 55.8, முழு எண்ணாகக் காட்டினால் 56. வரி வரியாக முழு எண்ணாக்கினால் ஐந்துமே கீழே இறங்குகின்றன, 54 வருகிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க இது போதும்:

```
=ROUND(SUM(A1:A5),0)
=SUMPRODUCT(ROUND(A1:A5,0))
```

ஒரு வரியில் அதிகபட்சப் பிசகு அரை அலகு. எனவே ஐந்து வரியில் இரண்டரையைத் தாண்ட வழியில்லை. இங்கே உண்மையான பிசகு 1.8. மொத்தமும் முழு எண்ணாக்கப்பட்டதால் அது 2 என்று தெரிகிறது.

கேள்வி: அப்போ வித்தியாசம் 2 வந்தால் ரவுண்டிங், 10 வந்தால் தப்பு என்று வைத்துக்கொள்ளலாமா?

வரி எத்தனை என்று பார்க்காமல் சொல்ல முடியாது. வரிகளின் எண்ணிக்கையில் பாதி, அதில் அரை இருந்தால் அதை விட்டுவிடுங்கள். அதுதான் அட்டவணையில் தெரியக்கூடிய அதிகபட்ச வித்தியாசம். 2 வரிக்கு 1, 3 வரிக்கும் 1, 5 வரிக்கு 2, 20 வரிக்கு 10.

இதை நான் ஒரு பக்கம் மட்டும்தான் நம்புவேன். 20 வரியில் 18 வித்தியாசம் என்றால் ரவுண்டிங் மேல் பழி போட முடியாது, வேறு தவறு நிச்சயம். அதுவும் 18 ஒன்பதால் வகுபடுகிறது. பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இரண்டு இடம் மாறினால் வருகிற வித்தியாசம் எப்போதும் அப்படித்தான். எங்கோ 53 என்பதை 35 என்று இலக்கம் மாற்றி அடித்திருக்கிறார்களா என்று முதலில் தேடுவேன். ஆனால் எல்லைக்குள் இருப்பதால் மட்டும் ஒரு வித்தியாசம் குற்றமற்றதாகிவிடாது. அரை அலகு எல்லையைக் காட்டி உண்மையான பிழைகளை மறைத்த கோப்புகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: நீங்கள் பெரிதாக்குகிறீர்கள். சில வரி மேலே போகும், சில கீழே வரும். வரி கூடக்கூட ஒன்றையொன்று அடித்துக்கொண்டு பிசகு பூஜ்யத்துக்கு வந்துவிடும். சராசரி விதி என்று படித்திருக்கிறோமே?

பாதி சரி. ஒரு வரிக்கு எவ்வளவு என்று பார்த்தால் பிசகு குறைந்துகொண்டே போகும். மொத்தப் பிசகு குறையாது, வளரும். எல்லை வளர்கிற வேகத்தில் வளராது, வர்க்கமூலத்தின் வேகத்தில் வளரும்.

பின்னங்கள் நன்றாகக் கலந்திருந்தால் வழக்கமான பிசகுக்கு எளிய கணக்கு ஒன்று உண்டு. வரிகளின் எண்ணிக்கையை 12ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுங்கள். 12 வரிக்கு 1, 48 வரிக்கு 2, 1200 வரிக்கு 10. எல்லையோ முறையே 6, 24, 600. பெரும்பாலும் வழக்கமான பிசகின் இரண்டு மடங்குக்குள் அடங்கிவிடும். மூன்று மடங்கைத் தாண்டினால் நான் கோப்பைத் திறந்துவிடுவேன்.

கேள்வி: என் கதையைக் கேளுங்கள். 240 வரி, வித்தியாசம் 31, கூடுதல் பக்கம். எல்லை 120 என்பதால் விட்டுவிடலாம் என்கிறார் மேலாளர்.

விடாதீர்கள். 240ஐ 12ஆல் வகுத்தால் 20, வர்க்கமூலம் நாலரைக்குக் கொஞ்சம் குறைவு. 31 என்பது அதைப்போல ஏழு மடங்கு. எல்லைக்குள் இருந்தாலும் தற்செயலாக வந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு. சரியாக .5ல் முடிகிற வரிகள் எத்தனை என்று எண்ணிச் சொல்லுங்கள்.

அதே 240 வரிக்காரர்: எண்ணினேன். 62 வரி .5ல் முடிகிறது. மற்றதெல்லாம் முழு எண்தான்.

62 அரைகள், 31. கள்ளன் அகப்பட்டான். உங்கள் தொகைகள் அரை அரையாகத்தான் நகர்கின்றன. அரை வந்தால் மேலே ஏற்று என்ற விதியில் அத்தனையும் ஒரே திசையில் ஏறிவிட்டன. அடித்துக்கொள்ள எதிர்ப்பக்கம் ஆளே இல்லை. வரிகளை முழு எண்ணாக்காமல் அப்படியே கூட்டி, மொத்தத்தை மட்டும் கடைசியில் முழு எண்ணாக்கினால் 31ம் மறைந்துவிடும்.

கேள்வி: பைத்தானில் `round(2.5)` போட்டால் 2 வருகிறது. பள்ளியில் 3 என்றுதானே சொன்னார்கள்? இதுவும் இந்தப் பிசகுதானா?

இல்லை, இந்தப் பிசகுக்கு மருந்து. பைத்தான் அரையைப் பக்கத்து இரட்டை எண்ணுக்குக் கொண்டுபோகும். `round(3.5)` போட்டுப் பாருங்கள், 4 வரும். பாதி அரைகள் ஏறும், பாதி இறங்கும். மேலே சொன்ன 62 வரிக்கு இதைச் செய்திருந்தால் வித்தியாசம் நாலைந்தை ஒட்டி நின்றிருக்கும். ஆனால் எல்லா வரியும் 2.5 என்றால் இந்த மருந்தும் பலிக்காது, எல்லாமே இறங்கும்.

கேள்வி: எங்களிடம் ஒரே தொகை 300 தடவை வருகிறது, 7.45. ஏழு என்றே எழுதுகிறோம். 0.45 தானே, என்ன பெரிதாக ஆகிவிடும்?

135 ஆகிவிடும். உண்மை மொத்தம் 2235, நீங்கள் எழுதுவது 2100. எல்லையான 150ஐ இவ்வளவு நெருங்குவது இந்த மாதிரி இடத்தில்தான். வர்க்கமூலக் கணக்கை இங்கே மறந்துவிடுங்கள். முதலில் பெருக்கி, அப்புறம் முழு எண்ணாக்குங்கள்.

கேள்வி: ரவுண்ட் எதற்கு? பின்னத்தை அப்படியே வெட்டிவிட்டால் குழப்பமே இல்லையே.

குழப்பம் இருக்காது, நஷ்டம் இருக்கும். வெட்டும்போது ஒரு வரியின் பிசகு கிட்டத்தட்ட ஒரு முழு அலகு வரை போகும், அதுவும் எப்போதும் கீழ்நோக்கி. வான்கூவர் பங்குச் சந்தைக் குறியீடு 1982ல் 1000ல் தொடங்கியது. ஒரு நாளில் ஏறக்குறைய மூவாயிரம் தடவை கணக்கிட்டு, ஒவ்வொரு தடவையும் மூன்றாம் தசமத்துக்கு மேல் வெட்டினார்கள். ஒரு தடவைக்கு 0.0005 புள்ளி போனாலும் நாளுக்கு ஒரு புள்ளிக்கு மேல் கரையும். 1983 நவம்பரில் 524.811 என்று நின்றிருந்தது. திருத்தியபோது 1098.892 என்று வந்தது.

கேள்வி: அறிக்கையில் வரிகளும் மொத்தமும் பொருந்தியே ஆக வேண்டும் என்கிறார்கள். எந்த வரியில் ஏற்றுவது?

பின்னம் பெரிதாக இருக்கிற வரியில் ஏற்றுவது என் வழக்கம். அந்த வரியின் பிசகு அரையைத் தாண்டும், தெரிந்தே செய்கிறோம். 12.4ஐ 13 என்று எழுதினால் பிசகு 0.6.

இடையில் ஒருவர்: நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பெரிய தொகையில்தான் ஏற்ற வேண்டும். 20ல் ஒன்று கூடினால் யார் கண்ணிலும் படாது.

விகிதத்தில் பார்த்தால் நீங்கள் சொல்வதும் நியாயம். என் முறையிலும் ஓட்டை இருக்கிறது. முதல் கேள்வியின் அட்டவணையில் இரண்டு அலகு ஏற்ற வேண்டும், .4ல் முடிகிற வரிகளோ மூன்று. எந்த இரண்டு என்று பின்னம் சொல்லாது. நான் எதையும் மாற்றாமல், முழு எண்ணாக்கியதால் கூட்டல் பொருந்தாமல் இருக்கலாம் என்று கீழே ஒரு வரி எழுதிவிடுவேன். உங்கள் இடத்தில் அதை ஏற்பார்களா என்று கேட்டுப் பாருங்கள்.