காய்ச்சல் விட்ட பிறகும் அம்மா ஏன் பிதற்றினார்?

கேள்வி: அம்மாக்கு 67 வயசு, சுகரும் பிரஷரும் இருக்கு. மூணு நாளா சலம் போகக்குள்ள எரிவு. வெள்ளிக்கிழமை பின்னேரம் 7 மணிக்கு உடம்பெல்லாம் தூக்கிப் போடுற மாதிரி நடுக்கம். பனடோல் ரெண்டும், வீட்டில மிஞ்சிக் கிடந்த அமொக்சிலின் ஒண்டும் குடுத்தம். 10 மணிக்குக் காய்ச்சல் இல்ல, பிரஷர் 112/70, நல்லாத்தானே எண்டு படுத்திட்டம். மறுகா 3 மணிக்கு எழும்பி என்னமோ பிதற்றினா. விடிய ஆஸ்பத்திரியில பிரஷர் 84, கிட்னி அடிபட்டிருக்கு, செப்சிஸ் எண்டாங்க. இப்ப வீட்டுக்கு வந்திட்டா. சலத்தில இருந்த கிருமி ஒரே இரவில எப்படி இவ்வளவு செய்யும்? எந்த நேரம் கொண்டு போயிருக்கணும்? (வெல்லாவெளி)

பதில்: 7 மணிக்கே. போர்வை போட்டும் நிற்காமல் பல்லும் கட்டிலும் ஆடுகிற அந்த நடுக்கம், சலப்பையிலும் கிட்னியிலும் இருந்த கிருமி இரத்தத்துக்குள் போய்விட்டது என்பதன் அடையாளமாக இருக்கக்கூடும். வயதான, சுகர் உள்ள ஒருவருக்கு இப்படி வந்தால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது.

ஆனால் கிட்னியைக் கெடுத்தது கிருமி மட்டும் என்று நினைக்காதீர்கள். இரத்தத்தில் கிருமியைக் கண்டதும் உடம்பின் காவல் அணுக்கள் அபாயச் சங்கு ஊதுகின்றன. ஒரு சிறிய புண்ணில் அந்தச் சங்கு நல்லதுதான், அந்த இடம் சிவந்து வீங்கி ஆறிவிடும். அதே வீக்கம் உடம்பு முழுக்க ஒரே நேரத்தில் நடந்தால்? அதுதான் செப்சிஸ். இரத்தக் குழாய்கள் பல தளர்ந்து விரிகின்றன, சுவர் ஒழுகத் தொடங்கி நீர்ப்பகுதி வெளியே கசிகிறது, நுண்குழாய்களுக்குள் சிறுசிறு கட்டிகளாக இரத்தம் உறைகிறது. குழாய் பெரிதாகி உள்ளே ஓடுவது குறைந்தால் வாய்க்காலின் கடைசி வயலுக்குத் தண்ணீர் போகாது அல்லவா, அந்த நிலைதான் கிட்னிக்கும் மூளைக்கும். இதில் இன்னொரு கெட்ட விஷயம், போய்ச் சேருகிற ஒட்சிசனைக்கூட அணுக்களால் சரியாகப் பயன்படுத்த முடியாமல் போகிறது. அதனால்தான் சேலைன் ஏற்றி பிரஷரைத் தூக்கினாலும் சிலருக்கு உறுப்புகள் உடனே திரும்புவதில்லை.

சரி, 10 மணிக் கதைக்கு வருவோம். பனடோல் காய்ச்சலைத்தான் இறக்கியது, உள்ளே நடப்பதை இல்லை. 112 என்பது உங்களுக்கோ எனக்கோ நல்ல பிரஷர், பிரஷர் வருத்தத்தால் வழக்கமாக 150 காட்டுகிற ஒருவருக்கு அது இறங்க ஆரம்பித்த பிரஷர். உடம்பு இதயத்தை வேகமாக அடிக்க வைத்து, சில குழாய்களை இறுக்கிப் பிடித்து பிரஷரைக் கொஞ்ச நேரம் காப்பாற்றும், அது முடியாமல் போகும்போதுதான் 84 வரும். அதற்கு முன்பே மாறுவது மூச்சு. அணுக்கள் திண்டாடும்போது இரத்தத்தில் அமிலம் சேர்கிறது, அதை வெளியேற்ற மூச்சு வேகமாகிறது. படுத்திருப்பவரின் வயிறு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். 22 அல்லது அதற்கு மேல் இருந்தாலோ, ஆறேழு மணித்தியாலமாகச் சலம் போகாமல் இருந்தாலோ, பேச்சு தடுமாறினாலோ, உடனே 1990க்கு அடியுங்கள், அந்த அம்புலன்ஸ் இலவசம். (டெங்குவிலும் காய்ச்சல் விடும் நேரம்தான் ஆபத்து, ஆகவே எங்கள் பக்கத்தில் 'காய்ச்சல் விட்டிட்டு' என்ற பேச்சை நான் நம்புவதே இல்லை.)

ஆஸ்பத்திரியில் முதலில் இரத்தம் எடுத்து, கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சருக்கு அனுப்புவார்கள், அப்புறம் நாளத்தில் அன்டிபயோட்டிக், கூடவே சேலைன். 50 கிலோ உள்ள ஒருவருக்கு முதல் 3 மணித்தியாலத்தில் ஒன்றரை லீட்டர் அளவில் போகும், இதயமோ கிட்னியோ பலவீனமானவருக்குக் கவனித்துத்தான். பிரஷர் விழுந்துவிட்டால் அன்டிபயோட்டிக் ஒரு மணித்தியாலத்துக்குள் போக வேண்டும் என்பது உலக வழிகாட்டல். காரணம், அது கிருமியைக் கொன்று சங்கை ஊத வைப்பதை நிறுத்தும், ஆனால் ஏற்கனவே கெட்டுப்போனதைத் திருத்தாது. 2006இல் வந்த ஓர் ஆய்வில், பிரஷர் விழுந்தபின் தாமதித்த ஒவ்வொரு மணித்தியாலத்துக்கும் பிழைப்பவர்கள் சராசரி 7.6 சதவீதம் குறைந்தார்கள். பிந்திய ஆய்வுகளில் அந்த அளவு குறைவாகவே வந்தது, ஆனால் பிரஷர் விழுந்தவர்களில் தாமதம் கெடுதல் என்பதை அவையும் காட்டின.

'அன்டிபயோட்டிக் குடுத்தம்தானே' என்று கேட்கலாம். சலத்தில் வழக்கமாக வரும் ஈ-கோலை கிருமியில் பெரும்பங்கு இன்று அமொக்சிலினுக்கு மசியாது. இரத்த ஓட்டம் குறைந்த குடல் குளிசையை நம்பும்படி உறிஞ்சவும் மாட்டாது. போதாக்குறைக்கு, அந்த ஒரு குளிசையால் கல்ச்சரில் கிருமி முளைக்காமல் போகலாம், அப்போது எந்த மருந்து பிடிக்கும் என்று டொக்டர் ஊகிக்க வேண்டி வரும். மிஞ்சியதைக் குப்பையில் போடுங்கள்.

இனி அடுத்த கிளினிக்கில், கிட்னி எவ்வளவு தேறியிருக்கிறது என்று காட்டும் கிரியட்டினின் இரத்தப் பரிசோதனையைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். ஆஸ்பத்திரியில் பிரஷர் குளிசையையோ சுகருக்கான மெட்ஃபோர்மினையோ நிறுத்தியிருந்தால், அந்த ரிப்போர்ட்டை டொக்டரிடம் காட்டிய பிறகே மறுபடி தொடங்குங்கள்.