‘மணந்துகொள்வாயா, மணந்துகொள்வீர்களா?’ – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

ஜப்பானிய, ஸ்பானிய, ஜெர்மன் சிறுகதைகளைத் தமிழாக்கம் செய்யும் ஒரு சிறு குழுவில் இருக்கிறேன். மணம் கேட்கும் வாக்கியத்துக்கு எங்களிடம் உள்ள கையேடு ஒவ்வொரு மொழியிலும் ‘மரியாதை வடிவம்’, ‘இயல்பு வடிவம்’ என்று இரண்டிரண்டு தருகிறது. காதலர்களுக்குள் மரியாதை வடிவத்தை யார், எப்போது சொல்வார்கள்? நான் மொழிபெயர்க்கும் ஜப்பானியக் கதையில் ஒருவன் காதலியிடம் எப்போதும் சாதாரணமாகப் பேசிவிட்டு, அந்த ஒரு வாக்கியத்தில் மட்டும் மரியாதைக்கு மாறுகிறான். அங்கே ‘நீங்கள்’ என்று போடலாமா?

எஸ்., கோயம்புத்தூர்

அன்புள்ள எஸ்.,

மூன்று மொழிகளையும் ஒரே அட்டவணைக்குள் அடைத்ததுதான் உங்கள் கையேடு செய்த குழப்பம். ஜெர்மனிலும் ஸ்பானியத்திலும் மரியாதை முன்னிலையில் இருக்கிறது. எதிரே இருப்பவரை ஜெர்மனில் ‘டு’ என்பதா ‘ஸீ’ என்பதா, ஸ்பானியத்தில் ‘தூ’ என்பதா ‘உஸ்தேத்’ என்பதா, அதாவது ‘நீ’ என்பதா ‘நீங்கள்’ என்பதா என்பது இருவரும் பழகத் தொடங்கிய நாட்களிலேயே முடிவாகிவிடும். மணம் கேட்கும் நேரத்தில் அதைப் புதிதாகத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. ஜப்பானியத்தில் மரியாதை வினைச்சொல்லின் ஈற்றில் இருப்பதால், அதே ஆளிடம் பேசும்போதே வாக்கியத்துக்கு வாக்கியம் ஏற்றவும் இறக்கவும் முடியும். எனவே உண்மையான தேர்வு இருக்கும் இடம் ஜப்பானியம்தான். அதையே சற்று விரிவாகப் பார்ப்போம்.

உங்கள் கையேட்டில் மரியாதை வடிவமாக ‘கெக்கோன் ஷிதே குதசாய்’ என்பதும், இயல்பு வடிவமாக ‘கெக்கோன் ஷியோ’ என்பதும் இருக்கும் என்று ஊகிக்கிறேன். இவ்விரண்டும் மரியாதையில் மட்டும் வேறுபடுபவை அல்ல. முதலாவது வேண்டுகோள்: ‘மணந்துகொள்ளுங்கள்’ என்று எதிரே இருப்பவரிடம் ஒன்றைக் கேட்பது. இரண்டாவது ‘மணந்துகொள்வோம்’ என்று இருவரையும் சேர்த்துச் சொல்லும் அழைப்பு. இந்த அழைப்புக்கும் ‘கெக்கோன் ஷிமஷோ’ என்ற மரியாதை வடிவம் தனியாக உண்டு. அந்த வேண்டுகோளுக்கும் ‘கெக்கோன் ஷிதே’ என்ற சாதாரண வடிவம் உண்டு. ஆக, ஒருவன் ‘ஷியோ’ என்று சொல்வதற்குக் காரணம் நெருக்கம் மட்டும் அல்ல. திருமணத்தைப் பற்றி இருவரும் முன்பே பேசி, ஏறக்குறைய சம்மதம் தெரிந்துவிட்ட நிலையில் அது மிக இயல்பாக வரும். பேச்சே எழாத நிலையில் சொன்னால், மற்றவரின் முடிவையும் தானே எடுத்துவிட்டது போல ஒலிக்கக்கூடும். ‘குதசாய்’ என்பதில் முடிவு முழுவதும் கேட்கப்படுபவரின் கையில் இருக்கிறது. கதையில் இந்த வாக்கியம் வரும் இடத்துக்கு முன்னால் இருவரும் என்ன பேசியிருக்கிறார்கள் என்பதை முதலில் பாருங்கள். மரியாதைக் கணக்கு அதற்குப் பிறகுதான்.

இப்போது உங்கள் கதாநாயகனுக்கு வருவோம். சில ஆண்டுகளாகப் பழகும் இருவர் இரவு உணவுக்கு அமர்ந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். ‘சோத்தோ ஹனாஷி கா அருந்தா கெதோ’ என்று அவன் தொடங்குகிறான். ‘உன்கிட்ட ஒரு விஷயம் பேசணும்’ என்கிற மாதிரியான, முழுக்கச் சாதாரண நடை. பிறகு நிமிர்ந்து உட்கார்ந்து, ‘பொகு தோ கெக்கோன் ஷிதே குதசாய்’ என்கிறான். ‘ஆம்’ என்பதற்கு அவள் வழக்கமாகச் சொல்லும் ஜப்பானிய ‘உன்’னை விட்டுவிட்டு ‘ஹாய், யொரோஷிகு ஒனெகாய்ஷிமஸ்’ என்று அதே தளத்தில் ஏறி நின்று பதில் சொல்கிறாள். அடுத்த நொடி அவன் ‘யொகத்தா’ என்று மூச்சு விடுகிறான். ‘அப்பாடா’ என்பதற்கு இணையான அந்தச் சொல் மீண்டும் சாதாரண நடை. மரியாதை இரண்டே வாக்கியங்களுக்கு மட்டும் வந்து போய்விட்டது. அவள் ‘உன்’ என்றே பதில் சொல்லியிருந்தாலும் சம்மதம் சம்மதம்தான். ஆனால் அவன் ஏறிய படியில் அவள் ஏறவில்லை என்பது வாசகருக்குத் தெரியும், கதாசிரியர் அதை வேண்டுமென்றே எழுதியிருக்கவும் கூடும்.

இந்த ஏற்றம் தூரத்தைக் காட்டுவதில்லை. நாள் முழுவதும் பிள்ளையிடம் சாதாரண நடையில் பேசும் ஜப்பானியத் தாய், சாப்பாடு தயார் என்று அழைக்கும்போதோ, ஒழுங்கு கற்பிக்கும்போதோ ‘மஸ்’ என்ற மரியாதை ஈற்றுக்கு மாறுவதைக் கேட்கலாம். அந்த நொடியில் அவள் ‘தாய்’ என்ற பொறுப்பில் நின்று பேசுகிறாள். மணம் கேட்பவனும் அப்படியே: தினமும் கூட இருக்கும் ஆளாக அல்லாமல், சொன்ன சொல்லுக்குப் பொறுப்பேற்கும் ஆளாகத் தன்னை நிறுத்திக்கொள்கிறான். ‘பழகலாமா’ என்று முதன்முதலில் கேட்கும்போதும் ‘த்ஸுகியத்தே குதசாய்’ என்று மரியாதை வடிவத்தையே பலரும் சொல்வதற்குக் காரணம் இதுதான். ‘ஷியாவாசெ நி ஷிமஸ்’, அதாவது ‘உன்னை மகிழ்ச்சியாக வைத்துக்கொள்வேன்’ என்ற வாக்குறுதியும் பெரும்பாலும் ‘மஸ்’ ஈற்றோடு வரும்.

ஆனால் இதே ‘மஸ்’ஸோ, அதற்கு இணையான ‘தெஸ்’ஸோ கணவன் மனைவி சண்டையில் வந்தால் கதை வேறு. ‘மோ ஈ’ என்றால் ‘போதும் விடு’. ‘மோ ஈ தெஸ்’ என்றால் அதே பொருள்தான், ஆனால் அறையில் குளிர் ஏறிவிடும். எனவே மரியாதை ஈற்றைப் பார்த்ததும் அன்பு என்றோ பிணக்கு என்றோ முடிவுகட்டக் கூடாது. அது எத்தனை வாக்கியங்கள் நீடிக்கிறது, எந்தச் சொல்லோடு முடிகிறது என்பதை வைத்துத்தான் சொல்ல முடியும். மணம் கேட்ட மறுநாள் காலையிலும் ஒருவன் காதலியிடம் ‘மஸ்’ போட்டுக்கொண்டிருந்தால், அவள் நிச்சயம் காரணம் கேட்பாள்.

மரியாதையை இன்னும் ஏற்றினால் நல்லது என்பதும் இல்லை. ‘கெக்கோன் ஷிதே இதடகெமசென் கா’ என்பது இலக்கணப்படி பிழையற்ற, மிகப் பணிவான வடிவம். வாடிக்கையாளருக்கு எழுதும் கடிதத்தின் வாடை அதில் அடிப்பதால், நெருக்கமானவர்களுக்குள் விளையாட்டுத்தனமாகவோ, மிகவும் கூச்சப்படும் ஒருவனின் குரலாகவோதான் பெரும்பாலும் படும். ‘குதசாய்’ நடுவில் நிற்கிறது: வடிவத்தில் பணிவு உண்டு, ஆனால் கேள்விக்குறி இல்லை, சுற்றி வளைப்பதும் இல்லை. அது இவ்வளவு பரவலாக இருப்பதற்குக் காரணம் அந்தக் கலவைதான் என்று நினைக்கிறேன்.

இனி, ‘நீங்கள்’ போடலாமா என்ற உங்கள் கேள்வி. போடாதீர்கள். அந்த ஜப்பானிய வாக்கியத்தில் ‘நீ’யும் இல்லை, ‘நீங்கள்’ என்பதும் இல்லை. ‘என்னுடன்’ மட்டுமே இருக்கிறது. தமிழில் ‘நீ’ திடீரென்று ‘நீங்கள்’ ஆனால், அவன் தன்னை உயர்த்தி நிறுத்துவது தெரியாது. அவளை அந்நியமாக்குவது போலத்தான் தெரியும். மாற்ற வேண்டியது நடையை. அதுவரை ‘வர்றியா’, ‘பார்த்தியா’ என்று பேச்சுத் தமிழில் எழுதியிருந்தால், அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் ‘என்னைத் திருமணம் செய்துகொள்வாயா?’ என்று சிதைவில்லாத எழுத்துத் தமிழில் வையுங்கள். அவளுடைய பதிலும் ‘ம்’ ஆகாமல் ‘சம்மதம்’ ஆகட்டும். அடுத்த வரியில் அவனைப் பழைய பேச்சுக்கே இறக்கிவிடுங்கள். ‘கெக்கோன் ஷியோ’ வந்தால் நமக்குச் சிரமமே இல்லை. ‘கல்யாணம் பண்ணிக்கலாம்’ என்பது அப்படியே பொருந்தும்.

ஸ்பானியத்தில் ஊரைக் கேட்காமல் பதில் சொல்ல முடியாது. மத்ரீதில் காதலர்களுக்குள் ‘கியேரெஸ் கசார்தே கொன்மிகோ?’ என்ற ‘தூ’ வடிவம்தான். ‘கியேரே கசார்சே கொன்மிகோ?’ என்ற ‘உஸ்தேத்’ வடிவம் கேலியாகவோ பழங்காலத்து நாடகமாகவோ தோன்றும். புவெனஸ் ஐரெஸில் ‘தூ’வுக்குப் பதிலாக ‘வோஸ்’ வழங்குவதால் ‘கெரேஸ் கசார்தே கொன்மிகோ?’ ஆகும். ஆனால் கொலம்பியாவின் பொகோதாவிலும் அதைச் சுற்றிய மலைப்பகுதிகளிலும் கணவன் மனைவி, அண்ணன் தம்பி, உற்ற நண்பர்கள் எல்லாரும் ஒருவரையொருவர் ‘உஸ்தேத்’ என்று சொல்வது சகஜம். கோஸ்தா ரிக்காவிலும் ‘உஸ்தேத்’ வீட்டுக்குள் புழங்கும் சொல்தான். அங்கே ஒருவன் ‘கியேரே கசார்சே கொன்மிகோ?’ என்று கேட்டால், அதில் மரியாதையும் இல்லை, விலகலும் இல்லை. அது அவனுடைய அன்றாடப் பேச்சு. எனவே பொகோதாக் கதையை ‘நீ’ என்று மொழிபெயர்ப்பதில் எந்தத் தவறும் இல்லை.

ஸ்பானியத்தில் உண்மையில் கவனிக்க வேண்டியது வினையின் சாயல். ‘தே கசாஸ் கொன்மிகோ?’ என்பது நேரடியானது, பேச்சுவழக்கானது. ‘தே கசரியாஸ் கொன்மிகோ?’ என்பது பணிவான கேள்வி போலத் தெரிந்தாலும், ‘அப்படி ஒரு நிலை வந்தால் மணப்பாயா’ என்று ஆழம் பார்ப்பதாகவும் கேட்கும். மோதிரத்தை நீட்டிக்கொண்டு சொன்னால் யாருக்கும் சந்தேகம் வராது. சமையலறையில் பாத்திரம் கழுவும்போது சொன்னால் அது வெறும் விசாரிப்பாகவே எடுத்துக்கொள்ளப்படலாம்.

ஜெர்மனில் ‘வோலன் ஸீ மிஷ் ஹைராட்டன்?’ என்பதை இன்றைய காதலர்கள் வாயில் வைக்கவே வேண்டாம். ‘ஸீ’ என்று பேசிக்கொள்ளும் இருவர் மணம் கேட்பது 19ஆம் நூற்றாண்டுக் கதையில் வரலாம், நகைச்சுவையில் வரலாம். வழக்கில் உள்ளது ‘வில்ஸ்ட் டு மிஷ் ஹைராட்டன்?’. கடையில் ‘இஷ் வில்’, அதாவது ‘எனக்கு வேண்டும்’ என்று சொல்வது முரட்டுத்தனம், ‘மொஷ்டெ’ என்று கேட்பதே நயம் என்று பாடப்புத்தகங்கள் கற்பிப்பதால், ஜெர்மன் கற்பவர்கள் இங்கேயும் ‘மொஷ்டெஸ்ட் டு’ என்று மென்மையாக்கப் பார்க்கிறார்கள். தவறில்லை, அப்படிக் கேட்பவர்களும் உண்டு. ஆனால் ‘காப்பி வேண்டுமா’ என்று கேட்கவும் அதே சொல்தான். இங்கே கேட்கப்படுவது எதிரே இருப்பவரின் உறுதி என்பதால், கடையில் முரடான ‘வில்ஸ்ட்’ இங்கே தன் இடத்தில் சரியாக உட்கார்கிறது. ‘வுர்டெஸ்ட் டு’ என்று கேட்டால், ஸ்பானிய ‘கசரியாஸ்’ போலவே, ‘ஒருவேளை’யின் நிழல் விழும்.

ஒரு சிறு விலகல். நம் மொழிபெயர்ப்புகளில் ஆண் ‘நீ’ என்றும் பெண் ‘நீங்கள்’ என்றும் தானாகவே பிரிந்துவிடுகிறார்கள். ஜெர்மன் கதையில் இருவருமே ‘டு’. அவள் வாயில் ‘நீங்கள்’ வைக்க மூலத்தில் எந்த ஆதாரமும் இல்லை.

உங்கள் கையேட்டின் மரியாதை வரிகளுக்கு வேலை வரும் இடங்கள் வேறு. ஜெர்மனியில் திருமணப் பதிவு அலுவலர் மணமக்களைத் தனித்தனியாக, சம்மதமா என்று கேட்க வேண்டும் என்பது சட்டம். அந்தக் கேள்வி வழக்கமாக ‘ஸீ’யில்தான் வரும். ஜப்பானில் இருவரின் சம்மதம் மட்டுமே திருமணத்துக்கு அடிப்படை என்று அரசியலமைப்பின் 24ஆம் பிரிவு சொன்னாலும், பெண்ணின் பெற்றோரைப் போய்ப் பார்த்துக் கேட்கும் வழக்கம் தொடர்கிறது. அங்கே சாதாரண நடைக்கு இடமே கிடையாது. ‘உங்கள் மகளை எனக்குத் தாருங்கள்’ என்ற பொருளில் முன்பு சொல்லப்பட்ட ‘ஒஜோசான் ஒ பொகு நி குதசாய்’, பெண்ணைப் பொருளாக்குகிறது என்று இன்று பலரும் தவிர்க்கிறார்கள். ‘கெக்கோன் சசெதே குதசாய்’, அதாவது ‘மணந்துகொள்ள அனுமதியுங்கள்’ என்பது பாதுகாப்பான வடிவம். உங்கள் கதையில் அந்தக் காட்சி வந்தால், அங்கே ‘நீங்கள்’ என்று தயங்காமல் போடுங்கள்.