விடுப்புச் சரணுக்கு எந்த வருடச் சம்பளம்?

"எடுக்காத விடுப்பைச் சேர்த்துவைத்து, வேலையை விட்டுப் போகும்போது பணமாக்கிக்கொள்ள எங்கள் விதி அனுமதிக்கிறது. அந்தந்த வருட விடுப்பை அந்தந்த வருடச் சம்பளத்தில் கணக்கிட்டு ஒதுக்கீடு வைத்திருக்கிறோம். ஆடிட்டர் எல்லாவற்றையும் இன்றைய சம்பளத்தில் போடச் சொல்கிறார். பணியாளர் கோப்புகளையும் கேட்கிறார். கொடுத்துத்தான் ஆக வேண்டுமா?"

ஆடிட்டர் சொல்வதே சரி. ஊழியர் நாளை விலகினால் அன்றைய சம்பளத்தில்தான் பணம் கேட்பார். அந்த விடுப்பை எந்த வருடம் சம்பாதித்தார் என்று யாரும் பார்ப்பதில்லை. உங்கள் விதியில் வேறு மாதிரி எழுதியிருந்தால் மட்டுமே கதை மாறும். அதனால் முதலில் விதியை எடுத்துப் படியுங்கள். அடிப்படைச் சம்பளமா, படிகளும் சேருமா, மாதச் சம்பளத்தை 30-ஆல் வகுப்பதா 26-ஆல் வகுப்பதா, உச்சவரம்பு எத்தனை நாள்: பாதித் தகராறு இங்கேதான் பிறக்கிறது.

ஒருவர் கணக்கில் 70 நாள் இருக்கிறது. பழைய சம்பளங்களின்படி நாளுக்குச் சராசரியாக 1,000 வீதம் 70,000 ஒதுக்கியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய இன்றைய அடிப்படைச் சம்பளம் 39,000. விதி 30-ஆல் வகுக்கச் சொன்னால் நாளுக்கு 1,300. வரம்பு 60 நாள் என்றால் 78,000. மீதி 10 நாளை அப்படியே தள்ளிவிடாதீர்கள். பணமாக்க முடியாது, சரி. ஆனால் வேலையில் இருக்கும்போதே எடுக்க முடியுமென்றால், எடுப்பார் என்று எதிர்பார்க்கும் அளவுக்கு அதுவும் பொறுப்புதான். அடுத்த 12 மாதத்தில் தீராத பெரிய இருப்புகள் இருந்தால், சர்வதேசக் கணக்கியல் தரம் ஐ.ஏ.எஸ். 19-இன்படி எதிர்காலச் சம்பள உயர்வையும் சேர்த்து, புள்ளிவிவரக் கணிப்பான ஆக்சுவரி முறையில் மதிப்பிட வேண்டியிருக்கும். இன்றைய சம்பளம் மட்டும் போதாது.

கோப்புகளைக் கேட்பதற்கும் காரணம் உண்டு. தொடக்க இருப்போடு இந்த வருடம் சேர்ந்ததைக் கூட்டி, எடுத்ததையும் பணமாக்கியதையும் கழித்தால் முடிவு இருப்பு வர வேண்டும். வராத இடங்களில் பெரும்பாலும், ஆண்டின் கடைசி வாரத்தில் எடுத்த விடுப்பு அடுத்த மாதம்தான் பதிவாகியிருக்கும். ஊதிய உயர்வு ஆணை ஆண்டு முடிந்த பிறகு வந்து, அதற்கு முந்தைய தேதியிலிருந்தே அமலாகியிருந்தால், புதிய சம்பளமே பொருந்தும். ஆண்டு முடிவதற்குள் விலகியும் பணம் பெறாதவர்கள் பட்டியலிலிருந்து காணாமல் போயிருப்பதும் சகஜம்.

எனவே விடுப்புக் கணக்கு, நியமன ஆணை, ஊதிய ஆணை இவற்றைக் கொடுத்துவிடுங்கள். மருத்துவ விவரங்களை மறைத்துக் காட்டலாம். மொத்தமாக மறுத்தால், போதிய சான்று கிடைக்கவில்லை என்று அவர் அறிக்கையில் எழுத நேரிடும்.

அப்புறம், இந்த வித்தியாசத்தை 'மதிப்பீடு மாறியது' என்று காட்டாதீர்கள். விதிக்குப் பொருந்தாத சம்பளத்தைப் போட்டது பிழை. தொகை பெரிதென்றால் சென்ற ஆண்டின் எண்களையும் திருத்திக் காட்ட வேண்டும்.