"நான் இனி வரேல்லை" என்று எழுதாதீர்கள்

கேள்வி: யாழ்ப்பாண நகரத்தில் ஒரு கடையில் ஆறு வருசம் கணக்கெழுதினன். போன மாதம் முதலாளி எல்லாருக்கும் முன்னால ஏசிப்போட்டு "நாளைக்கு வராதை" எண்டார். கனடா விசாவுக்கு சேர்விஸ் லெட்டரும் சம்பளக் கடிதமும் வேணும். வட்ஸ்அப்பில இப்படி அனுப்பவோ: "அண்ணை, நான் இனி வரேல்லை. வேற ஒண்டும் வேண்டாம். சேர்விஸ் லெட்டரும் சம்பள லெட்டரும் தந்தால் காணும்."

பதில்: அனுப்பாதீர்கள். ஏச்சு வாங்கியதை விட்டுவிடுங்கள். வேலையை முடித்தது யார் என்பதுதான் கேள்வி. "வராதை" என்று அவர் சொன்னது பணிநீக்கம். "நான் இனி வரேல்லை" என்று நீங்கள் எழுதினால் அது நீங்களே விலகியதாகிவிடும். அவர் சொன்னதற்கு எழுத்தில் ஒன்றுமில்லை. உங்கள் வட்ஸ்அப் செய்தியோ 2006ஆம் ஆண்டு இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டத்தின் கீழ் சான்றாக வரக்கூடியது.

இதைவிடப் பெரிய பொறி அந்தக் கடிதத்திலேயே இருக்கும். என்னிடம் வந்த ஒரு பிள்ளைக்குக் கிடைத்த சேவைக் கடிதத்தில் "சுயவிருப்பில் விலகினார், சகல கொடுப்பனவுகளும் பெற்றுக்கொண்டார்" என்று கடைசி வரி. கடிதம் கிடைத்த சந்தோசத்தில் பிரதியில் கையெழுத்து வைத்துவிட்டார். பணிக்கொடையில் ஒரு சதமும் அதுவரை வாங்கவில்லை. தொழில் நியாயசபையில் எதிர்த்தரப்பு முதலில் நீட்டியது அந்தப் பிரதியைத்தான்.

இப்படி எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள்:

"ஐயா, நான் தங்கள் நிறுவனத்தில் 2019.06.03 முதல் 2025.09.12 வரை கணக்கெழுதுநராகப் பணியாற்றினேன். சேவைக்காலம், பதவி, இறுதி மாதச் சம்பளம் ஆகியவற்றைக் குறிப்பிட்டு சேவைச் சான்றிதழும் சம்பளச் சான்றிதழும் 14 நாட்களுக்குள் தந்துதவுமாறு கேட்டுக்கொள்கிறேன். இக்கோரிக்கை எனக்குரிய ஏனைய உரிமைகளைப் பாதிக்காது."

திகதிகளை உங்களுடையதாக மாற்றுங்கள். விலகல், நீக்கம் இரண்டையும் எழுத வேண்டாம். சம்பளத்தைக் கூட்டிப் போட்டுத் தரும்படியும் கேட்காதீர்கள். ஊழியர் சேமலாப நிதிக் கூற்றில் வேறு தொகை இருந்தால் விசா அதிகாரி கேள்வி கேட்பார்.

உள்ளதைச் சொன்னால், நீங்கள் போகப்போகிறவர், அந்தக் கதிரைக்குத் திரும்ப மாட்டீர்கள். பணிநீக்க வழக்கை விட்டுக்கொடுத்துப் பேசி முடியுங்கள். பணிக்கொடையை மட்டும் விடாதீர்கள். ஐந்து வருடம் முடிந்திருப்பதால், கடையில் 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்திருந்தால், விலகினாலும் நீக்கினாலும் அது உங்களுக்குரியது. கடைசிச் சம்பளம் 60,000 ரூபா என்றால் வருடத்துக்கு அரைமாதம் 30,000, ஆறு வருடத்துக்கு 1,80,000. வேலை முடிந்து 30 நாளுக்குள் தர வேண்டிய காசு. அது கைக்கு வந்த பிறகு "பெற்றுக்கொண்டேன்" என்று கையெழுத்து வையுங்கள்.

பேச்சு இழுபட்டால் நாளை எண்ணுங்கள். பணிநீக்கத்துக்கு நியாயசபைக்குப் போக, நீக்கிய நாளிலிருந்து ஆறு மாதம்தான். அதில் ஒரு மாதம் ஏற்கனவே போய்விட்டது.