டிரேடிங் ஜர்னலுக்குக் கொடுக்கும் ஏபிஐ கீ: உங்கள் கேள்விகள், என் பதில்கள்

அக்கா, ஒரு ஜர்னல் ஆப், பைனான்ஸ் என்ற கிரிப்டோ எக்ஸ்சேஞ்சில் இருக்கும் என் கணக்கின் ஏபிஐ கீயைக் கேட்கிறது. எதையெல்லாம் டிக் பண்ணிக் கொடுக்கணும்?

ஏபிஐ கீ என்பது இன்னொரு ஆப் உங்கள் கணக்கை அணுகக் கொடுக்கும் சாவி. அதில் `Enable Reading` ஒன்று மட்டும் போதும். புதுக் கீ உருவாக்கும்போது அது டிக் ஆகித்தான் வரும். அதற்குக் கீழே இருக்கும் `Enable Spot & Margin Trading`, `Enable Withdrawals` எதையும் தொடாமல் சேமித்துவிடுங்கள். ஜர்னலின் வேலை நீங்கள் வாங்கியதையும் விற்றதையும் எழுதிவைப்பது. அதற்கு ஆர்டர் போடும் உரிமை எதற்கு? கேட்டே தீருவேன் என்று ஒரு ஆப் அடம்பிடித்தால், அதை நான் நிறுவ மாட்டேன்.

சீக்ரெட் கீயை ஒரே ஒரு முறைதான் காட்டுவார்கள். தொலைந்தால் தேட வேண்டாம், அந்தக் கீயை அழித்துவிட்டுப் புதிதாக ஒன்று போடுங்கள்.

வித்ட்ராவலை ஆஃப் பண்ணிட்டா போதும்ல? டிரேடிங் ஆன்ல இருந்தா என்ன, காசு வெளியே போகாதே.

பாதி சரி. உங்கள் கணக்கிலிருந்து நேராக எடுக்க முடியாது. ஆனால் உங்கள் கையாலேயே கொடுக்கவைக்க முடியும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆள் நடமாட்டமே இல்லாத ஒரு காயின், விலை 0.10 யுஎஸ்டிடி, அதாவது டாலரை ஒட்டிய மதிப்புள்ள காயினில். திருடன் தன் கணக்கில் 200 யுஎஸ்டிடிக்கு 2,000 காயின் வாங்கி வைக்கிறான். அப்புறம் அத்தனையையும் 1 யுஎஸ்டிடி விலைக்கு விற்க ஆர்டர் போடுகிறான். சாதாரண நாளில் யாரும் அதைச் சீண்ட மாட்டார்கள். இப்போது உங்கள் கீயை வைத்து, உங்கள் கணக்கில் இருக்கும் 2,000 யுஎஸ்டிடிக்கும் அதே காயினை மார்க்கெட் ஆர்டரில், அதாவது கிடைக்கிற விலைக்கு உடனே, வாங்குகிறான். அந்த விலையில் விற்பதற்கு நிற்பது அவன் ஆர்டர்தான். சில நொடிகளில் விலை பழையபடி 0.10க்கு இறங்கிவிடும். உங்களிடம் மிஞ்சுவது 200 மதிப்புள்ள காயின், அவனுக்கு லாபம் 1,800. வித்ட்ராவல் உரிமை எங்கேயும் தேவைப்படவில்லை. உங்கள் வரலாற்றில் அது நீங்களே செய்த டிரேடு போலத்தான் பதிவாகியிருக்கும்.

2018 மார்ச் 7 அன்று பைனான்ஸில் நடந்தது இந்த வகைதான். போலித் தளத்தில் சிக்கியவர்களின் கணக்குகளுக்குள் நுழைந்தவர்கள், ஒவ்வொன்றிலும் ஒரு டிரேடிங் கீயை உருவாக்கிவிட்டு வாய்மூடி இருந்தார்கள். அன்றைக்கு இரண்டே நிமிடத்தில், அந்தக் கீகளை வைத்து எல்லோருடைய பிட்காயினையும் கொடுத்து வயாகாயின் என்ற சின்னக் காயினை வாங்கவைத்து விலையை ஏற்றினார்கள். முன்பே வயாகாயின் நிரப்பி வைத்திருந்த தங்கள் 31 கணக்குகளில் இருந்து அந்த உச்சியில் விற்றார்கள். பிட்காயினை வெளியே எடுக்கும்போதுதான் எக்ஸ்சேஞ்சின் தானியங்கித் தடுப்பு விழுந்தது. அதனால் அவர்களால் கொண்டுபோக முடியவில்லை.

ஆகவே இன்றைக்கே உங்கள் `API Management` பக்கத்தைத் திறந்து, நீங்கள் போடாத கீ ஏதாவது உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

நம்பகமான கம்பெனிதானே, அவங்க ஏன் திருடப் போறாங்க?

அவர்கள் திருட வேண்டியதில்லை, அவர்களிடமிருந்து திருடு போனாலே போதும். 2022 டிசம்பரில் 3காமாஸ் என்ற, தானாக டிரேடு செய்யும் பாட் சேவையின் பயனர் கீகள் பெரிய பட்டியலாக வெளியே வந்தன. கசிந்தவை உண்மையான கீகள்தான் என்று அதன் தலைவரே ஒப்புக்கொண்டார். பாட்டுக்கு டிரேடிங் உரிமை கொடுக்காமல் வேலை நடக்காது, அது அவர்கள் சிக்கல். ஜர்னலுக்கு அந்தச் சிக்கலே இல்லை. அதே கசிவு ஒரு ஜர்னலில் நடந்து, உங்கள் கீ ரீட் ஒன்லியாக, அதாவது படிக்க மட்டுமானதாக இருந்தால், எடுத்தவனால் ஒரு ஆர்டர்கூடப் போட முடியாது.

மேடம், ரீட் ஒன்லி கொடுத்தப்போ பழைய டிரேடு பாதி வரலை. டிரேடிங் டிக் பண்ணினதும் வந்துச்சு. அப்ப தேவைதானே?

உங்கள் கணக்கைப் பார்க்காமல் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் டிக் பண்ணியதால் வந்திருக்காது என்பதுதான் என் எண்ணம். பைனான்ஸில் ஸ்பாட் டிரேடு வரலாற்றைக் கேட்கும் `/api/v3/myTrades`, பிட்காயின்-யுஎஸ்டிடி போன்ற ஒவ்வொரு ஜோடிக்கும் தனித்தனியாகக் கேட்டால்தான் பதில் சொல்லும். "எல்லாம் கொடு" என்று கேட்க வழியில்லை. பல ஆப்கள் இப்போது உங்கள் கையிருப்பில் இருக்கும் காயின்களைப் பார்த்து ஜோடிகளை ஊகிக்கும். முழுதும் விற்றுத் தீர்த்த காயின் அந்த ஊகத்தில் விடுபட்டுப் போகும். நீங்கள் கீயை மாற்றி மறுபடி இணைத்தபோது ஆப் முதலிலிருந்து தேடியிருக்கலாம்.

கண்டுபிடிக்க ஒரு வழி: உரிமை இல்லையென்றால் பாதி வராது, `-2015` என்ற பிழை வரும். பாதி வந்தது என்றாலே உங்கள் கீ படிக்கிறது. டிரேடிங் டிக்கை எடுத்துவிட்டு, விடுபட்ட ஜோடியை ஆப்பில் கையால் சேர்த்துப் பாருங்கள்.

இரண்டு வருஷம் முன்னாடி போட்ட கீ. அதுக்கு என்ன உரிமை கொடுத்தேன்னு ஞாபகமே இல்லை.

கணக்குப் பக்கத்திலேயே தெரியும். கோடு எழுதத் தெரிந்தால் கீயையே கேட்கலாம். `GET /sapi/v1/account/apiRestrictions` என்று கையொப்பத்தோடு அனுப்பினால் பதில் வரும். என்னுடைய பழைய கீ ஒன்றுக்கு வந்ததில் சில வரிகள்:

```
"ipRestrict": false,
"enableReading": true,
"enableSpotAndMarginTrading": true,
"enableWithdrawals": false
```

மூன்றாவது வரியைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஒரு பாட்டைச் சோதிக்கப் போட்ட கீயையே பிறகு ஜர்னலுக்கும் கொடுத்திருந்தேன். டிக்கை எடுப்பதோடு நிறுத்தாமல் கீயையே அழித்தேன், ஏனென்றால் அது எங்கெங்கே ஒட்டப்பட்டிருக்கிறது என்று எனக்கே தெரியாது.

ஒரு ஆப்புக்கு ஒரு கீ என்று வைத்துக்கொள்ளுங்கள், பெயரிலேயே ஆப்பைக் குறிப்பிடுங்கள். கிராகன் எக்ஸ்சேஞ்சில் இன்னொரு காரணமும் உண்டு: ஒரே கீயை இரண்டு ஆப்கள் ஒரே நேரத்தில் பயன்படுத்தினால் `EAPI:Invalid nonce` என்று மாறி மாறித் தடுக்கி விழும்.

மேடம், வருமான வரிக்காக ஆடிட்டர் என் லாகின் கேட்கிறார். ரீட் ஒன்லி பாஸ்வேர்டு வாங்க முடியுமா?

இங்கே பேசுவது ஏபிஐ கீயைப் பற்றி. லாகின் பாஸ்வேர்டு வேறு, அதில் "பார்க்க மட்டும்" என்ற வகை கிடையாது, கொடுத்தால் எல்லாமும்தான். அவருக்கு டிரேடு வரலாற்றைக் கோப்பாக இறக்கி அனுப்புங்கள், அது போதும்.

ஐபி கட்டுப்பாடு போட்டேன், மூணு நாள்ல ஆப் நின்னு போச்சு. தேவைதானா அது?

அந்தக் கட்டுப்பாடு போட்டால், நீங்கள் குறித்த இணைய முகவரியிலிருந்து மட்டுமே கீ வேலை செய்யும். உங்கள் வீட்டு பிராட்பேண்டின் ஐபி மாறியிருக்கும். அப்போதும் அதே `-2015`தான் வரும், அதனால் உரிமைப் பிரச்சினை என்று குழம்ப வேண்டாம். ஜர்னல் கம்பெனி தன் சர்வர் ஐபிகளைக் கொடுத்தால் அவற்றைப் போடுங்கள். கொடுக்காவிட்டால்? படிக்க மட்டுமான கீயை ஐபி இல்லாமல் விடுவேன் என்பது என் முடிவு. எனக்குத் தெரிந்த ஒருவர் இதை ஒப்புக்கொள்வதில்லை, ஐபி தராத ஆப்பே வேண்டாம் என்கிறார். அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு, ஏனென்றால் ரீட் ஒன்லி கீ கசிந்தாலும் உங்கள் இருப்பு எவ்வளவு, எப்போது என்ன வாங்கினீர்கள் என்பதெல்லாம் தெரிந்துவிடும். "சார், நேற்று நீங்கள் விற்ற டிரேடில் ஒரு பிரச்சினை" என்று சரியான தொகையோடு ஒருவன் போன் செய்தால், எக்ஸ்சேஞ்சிலிருந்துதான் பேசுகிறார்கள் என்று யாரும் நம்பிவிடுவார்கள். அப்படி அழைப்பு வந்தால் பேச்சை வளர்க்காமல் வைத்துவிட்டு, முதலில் ஜர்னலுக்குக் கொடுத்த கீயை அழித்துவிடுங்கள்.