விலை விழுந்தால் எந்தக் காசு பெறுமதி கூடும்?

*சேர், திருகோணமலை மத்திய வீதியில் அப்பாவின் துணிக்கடைக் கணக்கை நான்தான் பார்க்கிறேன். பின்னேரத்தில் பொருளியலும் படிக்கிறேன். விலைமட்டம் விழுந்தால் மக்கள் செலவைக் கூட்டுவார்கள் என்று தொன்மைப் பொருளியல் மாதிரி சொல்கிறது. விலையோடு சம்பளமும் விழுந்தால் யார் கூட வாங்குவார்கள்? கடையில் நான் காண்பது "இன்னும் குறையட்டும்" என்று திரும்பிப் போகிறவர்களைத்தான். பரீட்சையில் எதை எழுதுவது?*
*— வாசகி, உப்புவெளி*

சம்பளத்தை விடாமல் பிடித்தீர்களே, அதுதான் இதில் முக்கியமான இடம். "விலை குறைந்தால் மலிவு, மலிவென்றால் கூட வாங்குவார்கள்" என்று பலர் எழுதிவிட்டு அடுத்த வினாவுக்குப் போய்விடுகிறார்கள். அது ஒரு தனிப் பொருளின் கேள்விக் கோடு. சூடை மீன் கரையில் குவிந்து விலை சரிந்தால் வாங்குகிறவருக்கு மிச்சம், வள்ளக்காரருக்கு நட்டம், மற்றப் பொருட்களின் விலை அப்படியே இருக்கும். எல்லா விலையும் எல்லாச் சம்பளமும் ஒரே விகிதத்தில் விழும்போது எந்தப் பொருளும் இன்னொன்றோடு பார்க்க மலிவாகவில்லை. உங்கள் சந்தேகம் அங்கேதான் எழுகிறது, அது நியாயமானதும்கூட.

அப்படி எல்லாம் விழும்போதும் விழாமல் நிற்கிற ஒன்று இருக்கிறது: ஏற்கெனவே கையில் உள்ள பணம். மாதச் சம்பளம் 100,000 ரூபா, அது முழுதும் செலவாகிறது என்று ஒரு வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அவசரத்துக்கென்று இரண்டு மாதச் செலவை, அதாவது 200,000 ரூபாவை, காசாக வைத்திருப்பது அந்த வீட்டின் பழக்கம். இப்போது விலைகளும் சம்பளமும் 10 வீதம் விழுகின்றன. சம்பளம் 90,000, அதே பொருட்களுக்கான செலவும் 90,000. இதுவரை லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. ஆனால் இரண்டு மாதச் செலவு என்பது இனி 180,000தான். அலுமாரியில் இருப்பதோ அதே 200,000. தேவைக்கு மேல் 20,000 ரூபா கிடக்கிறது. அந்த மேலதிகத்தைத்தான் அந்த வீடு செலவழிக்கப் பார்க்கும். பணத் தொகையை விலைமட்டத்தால் பிரித்தால் வருவது மெய்ப்பண மீதி, அதாவது M/P. M அசையாமல் P குறைந்தால் அது கூடும். கூடியது செலவைத் தள்ளும். மெய்ப்பண மீதி விளைவு என்பது இவ்வளவுதான்.

இதற்குப் பிறகு நடப்பதைப் பாடக்குறிப்புகள் அவசரமாகக் கடந்துவிடுகின்றன. அந்த வீடு 20,000 ரூபாவைக் கடையில் கொடுத்தால் அது உங்கள் அப்பாவின் லாச்சிக்கு வரும். அவரிடமும் ஏற்கெனவே மேலதிகம் இருக்கிறது, அவரும் அதைத் தள்ளிவிடத்தான் பார்ப்பார். ஒருவர் தன் காசைக் குறைக்கலாம், ஊர் முழுதும் சேர்ந்து குறைக்க முடியாது. நோட்டு கைமாறுமே தவிர மறையாது. ஆகவே எல்லோரும் செலவழிக்க முயல்வதால் பொருட்களுக்கான கேள்விதான் உயர்கிறது. சந்தையில் கேள்வி போதாமல் ஆட்கள் வேலையில்லாமல் இருந்த நிலையில் இது தொடங்கினால், வேலை தேடுகிற எல்லோருக்கும் வேலை கிடைக்கிற நிறைதொழில் மட்டத்தை உற்பத்தி தொடும்வரை விலை இறங்கும், மெய்ப்பண மீதி ஏறும், செலவும் ஏறும். தொட்டதும் விலை இறங்கக் காரணமில்லை, விளைவும் அங்கே ஓய்ந்துவிடும்.

விலையும் சம்பளமும் விழுந்தாலும் தொழிலின்மை தானாகத் தீராது என்ற கெய்ன்சுக்கு எதிரான வாதமாக, கேம்பிரிட்ஜ் பொருளியலாளர் ஆதர் பிகூ 1943இல் இதை வைத்தார். வட்டி வீதம் இதற்குமேல் இறங்காது என்ற நிலையிலும், விலை போதிய அளவு விழுந்தால் மக்கள் தங்களைச் செல்வந்தராக உணர்ந்து சேமிப்பைக் குறைப்பார்கள், அதனால் தொழிலின்மை நிரந்தரமாக நீடிக்க முடியாது என்றார். இதை விரித்து, மெய்ப்பண மீதி என்ற பெயரால் பரப்பியவர் டொன் பட்டின்கின். தர்க்கத்தில் எனக்குக் குறை தெரியவில்லை, அளவில்தான் தெரிகிறது. அந்த வீடு 20,000 ரூபாவை உடனே செலவழிக்காமல், செல்வமாகக் கருதி ஆண்டுக்கு 5 வீதம் மட்டும் எடுத்தால் 1,000 ரூபா. ஆண்டு வருமானம் 1,080,000. விலை 10 வீதம் விழுந்தும் செலவு ஆயிரத்தில் ஒன்றுகூடக் கூடவில்லை. 5 வீதம் என்பது நான் போட்ட எண்தான். இரட்டிப்பாக்கினாலும் பெரிதாக வராது.

இன்னொரு கேள்வி, யாருடைய பணம் என்பது. 1944இல் போலந்துப் பொருளியலாளர் மிகால் கலெஸ்கி இதைச் சுட்டிக்காட்டினார். வங்கியில் ஒருவர் வைத்த வைப்புக்கு எதிரே இன்னொருவர் எடுத்த கடன் இருக்கிறது. விலை விழுந்தால் வைப்பாளர் எவ்வளவு வெல்கிறாரோ அவ்வளவைக் கடனாளி இழக்கிறார். நகையை அடகு வைத்து 300,000 எடுத்தவரின் சம்பளம் 90,000 ஆனாலும் கடன் 300,000தான். அவர் வாயைக் கட்டித்தான் அடைப்பார், மீட்க முடியாவிட்டால் நகை ஏலத்துக்குப் போகும். கடனாளிகள் பொதுவாகக் கையில் வருவதை அதிகம் செலவழிப்பவர்கள், ஆகவே அவர்கள் சுருங்குவது வைப்பாளர் விரிவதைவிடப் பெரிதாக இருக்கலாம். எதிரே தனியார் கடன் இல்லாத பணம், அதாவது மத்திய வங்கி வெளியிட்ட நோட்டும் நாணயமும் வங்கிகளின் ஒதுக்கும் மட்டுமே, இந்த விளைவுக்கு உண்மையான அடித்தளம். அது மொத்தப் பணத்தில் சிறு பங்கு.

உங்கள் கடைக்கு வந்து காத்திருப்பவர் இந்த மாதிரியில் இல்லை. மாதிரி இரண்டு நிலைகளை ஒப்பிடுகிறது: விலைமட்டம் 100 ஆக இருந்த நிலை, 90 ஆகி நின்றுவிட்ட நிலை. அவர் நிற்பது 100க்கும் 90க்கும் நடுவில், சரிவு இன்னும் முடியாத இடத்தில். அடுத்த மாதம் குறையும் என்று நினைப்பவருக்குக் காசை வைத்திருப்பதே வருமானம், ஆகவே அவர் வைத்திருக்க விரும்பும் தொகையும் கூடும். முன் சொன்ன வீடு இரண்டு மாதச் செலவுக்குப் பதில் இரண்டரை மாதச் செலவை வைத்திருக்க விரும்பினால் தேவை 225,000. அப்போது மேலதிகம் இல்லை, 25,000 குறைவுதான். நீங்கள் கடையில் காண்பதும் பிகூ சொன்னதும் ஒன்றையொன்று மறுக்கவில்லை.

நம் நாட்டில் இதன் எதிர்ப்பக்கத்தைக் கண்ணால் கண்டோம். 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டி முந்தைய ஆண்டைவிட 69.8 வீதம் உயர்ந்திருந்தது. ஓராண்டு சும்மா வைத்த 200,000 ரூபா ஏறத்தாழ 118,000 ரூபாவின் வேலையைத்தான் செய்தது. 2025 பெப்ரவரியில் அதே சுட்டி ஆண்டுக்கு 4.2 வீதம் விழுந்திருந்தது, ஆனால் அதைப் பிகூவின் சரிவு என்று எழுதாதீர்கள். மின்கட்டணமும் எரிபொருளும் இறங்கியது அதற்குப் பெரிய காரணம், சம்பளங்கள் சேர்ந்து விழவில்லை.

பரீட்சையில் முதல் வரியிலேயே "பெயரளவுப் பண நிரம்பல் மாறாதிருக்க" என்று போடுங்கள். அது இல்லாவிட்டால் முழு வாதமும் நிற்காது: 1929 முதல் 1933 வரை அமெரிக்காவில் விலைகள் ஏறத்தாழ கால்பங்கு விழுந்தன, வங்கிகள் முறிந்து பணத் தொகையோ மூன்றில் ஒரு பங்கு சுருங்கியது. P விழுந்தும் M/P ஏறவில்லை. பின்பு 200,000, 180,000 போன்ற ஒரு சிறு கணக்கைக் காட்டி, சம்பளம் விழுந்தும் ஏன் மேலதிகம் வருகிறது என்று எழுதுங்கள். கலெஸ்கியையும் காத்திருப்பவரையும் வரம்புகளாக ஒவ்வொரு பந்தியில் வையுங்கள். மத்திய வங்கியின் தரவை எடுத்து M/P போட்டுப் பார்க்க விரும்பினால், M இடத்தில் வங்கி வைப்புகளும் சேர்ந்த விரிந்த பணத்தை வைக்காமல், நோட்டும் நாணயமும் வங்கிகளின் ஒதுக்கும் மட்டுமான ஒதுக்குப் பணத்தை வையுங்கள்.