ஓஐ இருக்கிறது, வாங்க விற்க ஆள் இல்லை

கேள்வி: என்எஸ்இ-யில் ஒரு பங்கின் 1,360 கால் ஆப்ஷன் ஒரு லாட் வாங்கினேன். லாட் 500. திரையில் விலை 62 என்று இருந்தது, மார்க்கெட் ஆர்டர் போட்டால் 66-க்கு விழுந்தது. உடனே விற்கப் பார்த்தேன், 59-க்குத்தான் கேட்கிறார்கள். ஓஐ 1,900 இருந்ததே, பிறகு ஏன் இப்படி?

பதில்: நீங்கள் பார்த்த 62, எல்டிபி. அதாவது கடைசியாக நடந்த வியாபாரத்தின் விலை. அது எத்தனை மணிக்கு நடந்தது என்று ஆப்ஷன் செயின் சொல்லாது. காலையில் பங்கு வேறு விலையில் இருந்தபோது நடந்ததாகவும் இருக்கலாம். நீங்கள் வாங்கும் நொடியில் உண்மையாக இருந்த விலைகள் இரண்டுதான்: வாங்குபவர் கேட்ட 59 (BID), விற்பவர் சொன்ன 66 (ASK). மார்க்கெட் ஆர்டர் நேராக 66-ஐப் போய்ப் பிடித்துவிட்டது. இடைவெளி 7 ரூபாய், 500 பங்குக்கு 3,500. உள்ளே போய் வெளியே வர நீங்கள் கட்டவேண்டிய நுழைவுச்சீட்டு அது. இதில் ஒரு வேடிக்கை: உங்கள் ஆர்டரே எல்டிபியை 66 ஆக்கிவிடும். அதனால் செயலி லாப நட்டத்தைச் சுழியம் என்றே காட்டும்.

அடுத்து ஓஐ. இன்னும் முடிக்கப்படாமல் நிலுவையில் இருக்கும் ஒப்பந்தங்களின் எண்ணிக்கை அது, நாளுக்கு நாள் சேர்ந்து வருவது. இரண்டு வாரம் முன்பு, இந்தப் பங்கு 1,350 பக்கம் இருந்தபோது, 1,360 பரபரப்பாக ஓடியிருக்கும். அன்று வாங்கியவர்களும் விற்றவர்களும் அப்படியே வைத்திருக்கிறார்கள். பங்கு 1,412-க்கு ஏறியதும் கூட்டம் 1,420-க்கு நகர்ந்துவிட்டது. வால்யூம் மட்டும் தினமும் காலையில் சுழியத்திலிருந்து தொடங்கும், ஆகவே இன்று ஆள் இருக்கிறார்களா என்பதை அதுதான் சொல்லும். உங்கள் 1,360-இல் நண்பகல் வரை வால்யூம் 14 என்றால், 1,900 ஓஐ பழைய கணக்கு, அவ்வளவே.

இன்னொரு சின்ன குழப்பமும் உண்டு. என்எஸ்இ தளம் ஓஐயை ஒப்பந்த எண்ணிக்கையில் காட்டுகிறது. சில செயலிகள் அதையே லாட்டால் பெருக்கிப் பங்கு எண்ணிக்கையாகக் காட்டும். 9,50,000 என்று பார்த்து மலைக்கவேண்டாம், அதுவும் இதே 1,900-தான்.

ஆகவே நான் செயினைப் பின்னாலிருந்து படிப்பேன்: முதலில் பிட்-ஆஸ்க், அப்புறம் வால்யூம், கடைசியில் ஓஐ. சந்தை திறந்து முதல் கால் மணி நேரம் இடைவெளி எல்லா ஸ்ட்ரைக்கிலும் அகலமாகவே இருக்கும், பத்து மணிக்கு மேல் பார்ப்பது நல்லது.

இதே பங்கில் மூன்று ஸ்ட்ரைக்கை, உதாரணத்துக்கு வைத்துக்கொண்ட எண்களோடு, பார்ப்போம். 1,420 கால்: பிட் 27.40, ஆஸ்க் 27.60, வால்யூம் 6,200. இடைவெளி லாட்டுக்கு 100 ரூபாய், பிரீமியத்தில் ஒரு சதவீதம்கூட இல்லை. 1,500 கால்: 7.10 – 7.20, வால்யூம் 3,300. ரவுண்ட் நம்பர் ஸ்ட்ரைக் என்பதால் தூரமாக இருந்தாலும் கூட்டம் உண்டு. 1,700 கால்: 0.30 – 0.45. லாட்டுக்கு 75 ரூபாய்தானே என்று தோன்றும், ஆனால் பிரீமியமே 37 பைசா சுற்றளவு, அதில் 15 பைசா இடைவெளி என்றால் 40 சதவீதம். இடைவெளியை ரூபாயில் மட்டும் பார்த்தால் இந்த மாதிரி ஏமாறுவோம். என் சொந்தக் கணக்கு, இரண்டு சதவீதத்தைத் தாண்டினால் தொடமாட்டேன். அதோடு பிட் பக்கத்தில் நிற்கும் அளவு, நீங்கள் விற்கப்போகும் லாட்டுகளைத் தாங்குமா என்றும் மார்க்கெட் டெப்த்தில் ஒரு பார்வை பாருங்கள்.

1,360-தான் வேண்டும் என்றால் லிமிட் ஆர்டர் போடுங்கள். 59-க்கும் 66-க்கும் நடுவில் 62.50 வைத்துச் சில நிமிடம் காத்திருங்கள், விழாவிட்டால் 63. 64 வரை ஏற்றியும் யாரும் வரவில்லை என்றால் விட்டுவிடுங்கள், வெளியே வரும்போதும் இதே கதைதான்.

வெளியே வருவது ஏன் முக்கியம்? நல்ல ஸ்ட்ரைக் வாங்கினாலும் அது அப்படியே இருக்காது. பங்கு 1,480 போனால் இன்றைய 1,420-உம் உங்கள் 1,360 மாதிரி ஆகிவிடும். லாபம் ஏறும், இடைவெளியும் அகலும். எனவே கூட்டம் இருக்கும்போதே விற்று, தேவைப்பட்டால் 1,480-க்கு மாறிக்கொள்வது வழக்கம். எக்ஸ்பைரிக்குக் கடைசி நாட்கள் வரை இழுத்தால், பங்கு ஆப்ஷன்களுக்கு இங்கே டெலிவரி முறை என்பதால் மார்ஜின் கூடிக்கொண்டே போகும். 1,360-க்கு மேல் முடிந்தால் 500 பங்குக்கு 6,80,000 ரூபாய் கட்டிப் பங்காகவே எடுக்கவேண்டும். அந்தப் பணம் இல்லாதவர்கள்தான் கடைசி நேரத்தில் எந்த பிட் கிடைத்தாலும் விற்கிறார்கள்.